போய்த் திரும்பி வந்த வாழ்க்கைக் குறிப்பு

"உதை ஒருக்கா வாசிச்சுப் பாரும் தம்பி. நான் செத்துப் போனனோ?"

இணுவிலில் காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில், தன் வீட்டு விறாந்தையில் இருந்தபடி அந்தத் தவில் வித்துவான் என்னிடம் ஒரு விழா மலரை நீட்டினார். கனடாவில் அவர் வாசிக்கவிருந்த விழாவுக்கென ஏற்பாட்டாளர்கள் அச்சிட்டு, அதன் பிரதியொன்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அவருடைய படத்துக்குக் கீழே இருந்த முதல் வரி இப்படித் தொடங்கியது: 'இனுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட மேள மாஸ்டர்...'

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் எந்தப் பக்கத்தில் ஒரு வசனம் இவ்வாறு தொடங்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அது மரண அறிவித்தல் பக்கம். பெரியவர் கேட்டதில் பிழையில்லை. ஆனால் அந்த மலரைத் தமிழில் எழுதிய கனடாப் பிள்ளையின் மீது முழுப் பழியையும் போட்டுவிட்டு நான் தப்பிக்கவும் முடியாது. ஏனெனில் அவர் முன்னால் இருந்தது ஆங்கிலக் குறிப்பு மட்டுமே. அந்த ஆங்கிலக் குறிப்பை எழுதியவன் நான்.

யாழ் நகரில் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்து பிழைப்பவன் என்ற வகையில், இந்தப் பத்தியில் வழமையாக வரும் கடன், காசோலை, வாடகை விவகாரங்களை ஒருபுறம் வைத்துவிட்டு இம்முறை இதைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் தொழில் விவகாரம்தான். ஒரு கலைஞருக்கு, சட்டத்தரணிக்கு, கொந்தராத்துக்காரருக்கு, கடை முதலாளிக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பு என்பது அவர் நுழைய முன்னரே கதவைத் தட்டும் ஆள். அந்த ஆள் வேறு பெயரில், வேறு உத்தியோகத்தில் போய் நின்றால் நட்டம் நமக்குத்தான்.

பெரியவர் முதலில் என்னிடம் தந்தது ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு. இணுவில் மண் ஈன்ற தவில் வித்துவான் என்று தொடங்கி, தகப்பனாரிடமும் பின்னர் குருகுல முறையில் ஒரு பெரிய வித்துவானிடமும் பயின்றது, சில வருடங்கள் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தது, அதை விட்டுவிட்டு முழுநேரமும் தவிலுக்கு வந்தது, ஈழத்திலும் தமிழகத்திலும் முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கு ஸ்பெஷல் தவில் வாசித்தது, கலாபூஷணம் விருது பெற்றது, அரசாங்க அதிபரிடம் பாராட்டுப் பெற்றது, சமாதான நீதவானாக இருப்பது என்று அது போனது. நடுநடுவே 'ஒப்பற்ற', 'நிகரில்லாத', 'தன்னேரில்லா' என்ற சொற்கள் நிறைய இருந்தன. நான் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். காசும் வாங்கினேன். அந்தக் குறிப்பு கனடா போய், ஆங்கிலத்திலிருந்து மறுபடியும் தமிழாகித் திரும்பி வந்தபோது நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

'தவில் வித்துவான்' என்பதை நான் 'டிரம் மாஸ்டர்' என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் அது கேவலமான சொல் அல்ல. ஆனால் டிரம் என்பது தமிழுக்குத் திரும்பும்போது தவிலாக வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது மேளமாகலாம், மத்தளமாகலாம், பறையாகலாம். மாஸ்டர் என்பதோ இங்கே பள்ளிக்கூட வாத்தியாரைக் குறிக்கும் சொல். ஆக, ஐம்பது வருட வித்துவம் 'மேள மாஸ்டர்' என்று வந்து நின்றது. அடுத்த வரி அதைவிட மோசம். 'மேளம் அடித்தார்' என்றிருந்தது. தவிலை யாரும் அடிப்பதில்லை, வாசிப்பார்கள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அந்த ஒரே வினைச்சொல்தான். ஆங்கிலத்தில் 'பிளே' என்பதற்கு இந்த வேறுபாடு தெரியாது. பெரியவருக்கு இந்தச் சொல் ஏன் அவ்வளவு சுட்டது என்பதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. கோயில் வீதியில் நின்று வாசித்த ஒரு பரம்பரையை 'மேளம் அடிக்கிறவங்கள்' என்று கூப்பிட்ட காலமொன்று இருந்தது. அந்தச் சொல்லிலிருந்து வெளியேறுவதற்காகவே அவர்கள் வித்துவான் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

'கச்சேரி' செய்த வேலை வேறு. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஆங்கிலத்திலும் 'கச்சேரி' என்றே எழுதிவிட்டேன். இலங்கை ஆங்கிலத்தில் அது வழக்கிலுள்ள சொல்தானே என்ற நினைப்பு. கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு, அதுவும் ஒரு தவில்காரரின் குறிப்பில் அந்தச் சொல்லைக் கண்டால், வேறென்ன தோன்றும்? 'இசைக் கச்சேரிகளில் எழுத்தராகப் பணியாற்றினார்' என்று எழுதிவிட்டது. கச்சேரியில் இருந்து என்ன எழுதினார் என்று யாரும் யோசிக்கவில்லை.

அரசாங்க அதிபர் 'அரசு முகவர்' ஆனார். இதற்கு ஆங்கிலப் பதவிப் பெயரே காரணம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அது 'கவர்ன்மென்ட் ஏஜன்ட்'. ஏஜன்ட் என்பதைத் தமிழாக்கினால் முகவர்தான். அரசு முகவரிடம் பாராட்டுப் பெற்றவர் என்று வெளிநாட்டில் வாழும் நம்மவர் வாசித்தால் என்ன நினைப்பார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. சமாதான நீதவான் 'அமைதி நீதிபதி' ஆனார். கலாபூஷணம் 'கலையின் ஆபரணம்' ஆனது. கடைசியாகச் சொன்னதும் என் தவறே. கலாசாரத் திணைக்களம் மூத்த கலைஞர்களுக்கு வழங்கும் அரச விருதொன்றின் பெயர் அது. பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் திரிகிற நானே, ஆங்கில வாசகனுக்கு விளங்கட்டும் என்று பொருளை மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிட்டேன்.

'ஸ்பெஷல் தவில்' எப்படி வந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். 'விசேட மேளம்'. ஸ்பெஷல் தவில் என்பது ஒரு வாத்தியம் அல்ல, ஓர் அந்தஸ்து. ஒரு நாதஸ்வரக் குழுவில் வழமையான தவில்காரர் இருக்கும்போதே, பெயர் பெற்ற ஒருவரைத் தனியாக அழைத்து, தனிச் சம்பளம் பேசிச் சேர்த்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். அந்தக் குறிப்பில் ஓர் ஏற்பாட்டாளர் அவருக்கு எவ்வளவு பேசலாம் என்று தீர்மானிக்க உதவக்கூடிய ஒரே வரி அதுதான். அதுதான் முற்றாக அழிந்து போயிருந்தது.

இதையெல்லாம் பார்த்தபின் நான் செய்த முதல் காரியம், குறிப்பிலிருந்த சொற்களை மூன்றாகப் பிரித்தது.

ஒன்று, போன மாதிரியே திரும்ப வரவேண்டியவை. பெயர், ஊர், வருடம், விருது. இவற்றில் ஒரு எழுத்துக்கூட அசையக் கூடாது. இணுவில் என்பது ஆங்கில எழுத்தில் போனால் ணகரமா னகரமா என்பது தெரியாமல் போய்விடும். அதனால்தான் 'இனுவில்' வந்தது. கலைஞர்களுக்கு ஊர் முகவரி மட்டுமல்ல, பெயரில் பாதி. இணுவில் தவில்காரர் விசுவலிங்கத்தின் மகன் தெட்சணாமூர்த்தியை (1933-1975) எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்து மேடைகளில் அவர் 'யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி'. அதை ஆங்கிலத்தில் 'ஜஃப்னாவைச் சேர்ந்த' என்று எழுதினால் தகவல் சரி, பெயர் போச்சு. அவருடைய பெயரையே அங்கே 'தட்சிணாமூர்த்தி' என்று எழுதுவார்கள், இங்கே 'தெட்சணாமூர்த்தி' என்போம். ஆங்கிலத்திலும் அதற்கேற்ப இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒருவரையே இரண்டு பேர் என்று நினைக்க இது போதும்.

இரண்டாவது, பதவிகள். இவை சொல்லுக்குச் சொல் அல்ல, நாற்காலிக்கு நாற்காலி மாறவேண்டும். ஆங்கிலத்தில் எந்த நாற்காலியோ, தமிழில் அந்த நாற்காலிக்கு இந்த நாட்டில் என்ன பெயரோ அதுதான். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ் ஒன்றென்றாலும் நாற்காலிகளின் பெயர் இரு கரையிலும் ஒன்றல்ல. நம்முடைய கலைமாணி அங்கே இளங்கலை, நம்முடைய முதுமாணி அங்கே முதுகலை, நம்முடைய கலாநிதி அங்கே முனைவர். நாம் முகாமையாளர் என்பவரை அவர்கள் மேலாளர் என்பார்கள். நாம் கணக்காய்வாளர் என்பவர் அவர்களுக்குத் தணிக்கையாளர். இலங்கைக் குறிப்பொன்று ஆங்கிலமாகி, சென்னையில் ஒருவர் கையால் தமிழாகித் திரும்பினால், கலாநிதி ஒருவர் முனைவராக வருவது பிழையல்ல. ஆனால் அவர் 'டாக்டர்' என்று வந்து, அடுத்த பதிப்பில் 'வைத்தியர்' ஆகிவிட்டால் அது பிழை. இதைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆங்கிலத்தில் வெறும் 'டொக்டர்' என்று எழுதாமல், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் பட்டம் என்பதையும் சேர்த்து எழுதுவதுதான்.

கௌரவப் பட்டமும் இதே பெட்டிக்குள் வரும். இணுவில் தந்த இன்னொரு பெரியவர் வீரமணி ஐயர் (1931-2003). மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது அவர் எழுதி, டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுமாணிப் பட்டம் வழங்கியது. இந்தக் 'கௌரவ' என்ற சொல்லை விட்டுவிட்டால் படித்துப் பெற்ற பட்டமாகிவிடும். அவரைச் சாகித்திய கர்த்தா என்று நம்மவர் எழுதுவார்கள். சங்கீதத்தில் சாகித்தியம் என்றால் பாட்டின் சொற்கள். அகராதியைப் பார்த்து 'இலக்கியம்' என்று ஆங்கிலமாக்கினால், திரும்பி வரும்போது அவர் நாவலாசிரியராகவும் வரக்கூடும்.

மூன்றாவது பெட்டிதான் கஷ்டமானது. புகழ்ச் சொற்கள். 'ஒப்பற்ற', 'நிகரில்லாத' என்பவற்றைத் தமிழில் யாரும் எழுத்துக்கு எழுத்தாக எடுப்பதில்லை. அது சபைக்கு மரியாதை, விபூதி சந்தனம் மாதிரி. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் வாசிப்பவன் அதை ஓர் உரிமைக்கோரலாக எடுப்பான். ஒப்பில்லை என்று யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்பான். ஆகவே புகழைச் செய்தியாக மாற்றவேண்டும். இந்த வேலைக்கு நான் பெரியவரிடம் மறுபடி போய் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். "ஒப்பற்ற எண்டு எழுதியிருக்கிறீங்கள் ஐயா, ஆர் உங்களை ஒப்பில்லை எண்டு முதல்ல கூப்பிட்டது?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு ஒரு கோயில் திருவிழாவில், தமிழகத்திலிருந்து வந்த நாதஸ்வர வித்துவானொருவர் தன் தவில்காரர் சுகவீனமுற்றபோது இவரை இரவோடு இரவாக ஆள் விட்டு அழைத்ததையும், அடுத்த வருடமும் இவரையே கேட்டு அழைத்ததையும் சொன்னார். குறிப்பில் அது இல்லவே இல்லை. தற்பெருமையாகிவிடும் என்று விட்டுவிட்டாராம்! 'தன்னேரில்லா' என்று போடுவது தற்பெருமை இல்லை, நடந்ததைச் சொல்வது தற்பெருமை. தமிழ் மனத்தின் கணக்கு அப்படி. ஆங்கிலத்தின் கணக்கு நேர்மாறு.

இரண்டாம் முறை எழுதிய ஆங்கிலத்தில் 'தவில்' என்ற சொல்லை அப்படியே வைத்தேன். முதல் தடவை வரும்போது மட்டும், நாதஸ்வரத்தோடு இணைந்து வாசிக்கப்படும், ஒரு பக்கம் கழியாலும் மறுபக்கம் கூடு அணிந்த விரல்களாலும் வாசிக்கும் தோல் வாத்தியம் என்று அரை வரி சேர்த்தேன். ஸ்பெஷல் தவில் என்பதற்கு, குழுவின் தவில்காரருக்கு மேலதிகமாகச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படுபவர் என்று விளக்கம். கலாபூஷணம் அதே பெயரில், இது அரச விருது என்ற குறிப்புடன். கச்சேரி, மாவட்ட நிர்வாக அலுவலகம் ஆனது. 'பிறந்து, இன்றும் வாழ்ந்து வருகிறார்' என்ற தகவலை முதல் வரியிலிருந்து எடுத்துக் கடைசி வரியில் வைத்தேன். அங்கிருந்தால் யாரும் அதை மரண அறிவித்தலின் சட்டத்துக்குள் போட முடியாது.

பிறகு சோதனை. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்துத் தமிழாக்கித் தரச் சொன்னேன். மூலத்தைக் காட்டவில்லை. காட்டினால் சோதனை இல்லை. ஆய்வுகளுக்கான வினாக்கொத்துகளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த முறையை நெடுநாளாகக் கையாளுகிறார்கள். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பது என் அனுபவம். எனது முதலாவது ஆங்கிலத்தில் புகழ்ச் சொற்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தேன். மலரில் அவை 'ஒப்பற்ற', 'இணையில்லாத' என்று அநேகமாக அப்படியே திரும்பி வந்திருந்தன. அதைப் பார்த்து அந்தப் பகுதி நல்ல மொழிபெயர்ப்பு என்று யாரும் சொல்லிவிடலாம். உண்மையில் ஆங்கிலத்தில் வாசிக்க மிக மோசமாக இருந்த பகுதி அதுதான். மரக்கட்டை போன்ற மொழிபெயர்ப்பு எப்போதும் ஒழுங்காகத் திரும்பி வரும். நல்ல ஆங்கிலம் வேறு சொற்களில்தான் திரும்பும். ஆகவே சொற்களை ஒப்பிடாமல், கேள்விகளை வைத்து ஒப்பிடுங்கள். இவர் யார், யாரிடம் கற்றார், எந்த நிலையில் வாசித்தார், யார் கௌரவித்தது? இந்த நான்குக்கும் இரண்டு தமிழிலும் ஒரே பதில் வந்தால் போதும்.

ஆசிரியையின் தமிழில் பதில்கள் சரியாகத்தான் வந்தன. தொனிதான் வரவில்லை. ஆங்கில முறைப்படி நான் முதல் வரிக்குப் பிறகு கடைசிப் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். அது தமிழுக்கு வந்தபோது மொட்டையாக, அதுவும் அவருடைய பெயராக இல்லாமல் தகப்பனாரின் பெயராக நின்றது. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் பின்னால் போனதால் வந்த வினை. குருநாதர் வெறும் 'ஆசிரியர்' ஆகிவிட்டார். இதற்கு ஆங்கிலத்தில் மருந்து இல்லை. எவ்வளவு நல்ல ஆங்கிலமானாலும் 'அவர்கள்' என்ற சொல்லை அதற்குள் வைத்து அனுப்ப முடியாது. அதனால் இப்போது ஆங்கிலக் குறிப்பு கேட்பவர்களுக்கு நான் இரண்டு தாள்களைச் சேர்த்தே கொடுக்கிறேன். ஒன்று, திருத்திய தமிழ் மூலம். ஆங்கிலத்தைச் செய்தபின் அதில் வந்த புதிய செய்திகளையும் தமிழில் சேர்த்து எழுதியது. மற்றது, பெயர்களும் பதவிகளும் விருதுகளும் இரு மொழியிலும் எதிரெதிரே எழுதப்பட்ட அரைப்பக்கம். தமிழ் தேவைப்படுபவர் அந்தத் தமிழையே அச்சிடட்டும். மறுபடி தமிழாக்க ஒருவரும் முயலவே கூடாது.

நம்மவர் குறிப்புகளிலும் இதே கதைதான். அண்மையில் ஒரு கடை முதலாளியின் நிறுவன விபரக்கொத்தைச் செய்தேன். தகப்பனார் மர்ஹூம். ஆங்கிலத்தில் 'லேட்'. கொழும்பில் அதை மறுபடி தமிழாக்கிய பிறமதச் சகோதரர் நல்லெண்ணத்தோடு 'அமரர்' என்று போட்டிருந்தார். ஆங்கிலச் சொல்லில் மார்க்கம் இல்லை, திரும்பும்போது மொழிபெயர்ப்பவரின் வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாட்டனாரை ஆலிம் என்று எழுதியிருந்ததை நான் 'ஸ்கொலர்' என்று ஆக்கியிருந்தேன், அது 'அறிஞர்' என்று வந்தது. 'முகாமைப் பங்காளர்' என்பது 'நிர்வாகக் கூட்டாளி' ஆனது. வங்கியில் கொடுக்கும் பத்திரத்தில் கூட்டாளி என்று இருந்தால் முகாமையாளர் சிரிக்கத்தான் செய்வார். பெயரோ இன்னும் பெரிய பாடு. முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று தேசிய அடையாள அட்டையில் ஒன்று, வியாபாரப் பதிவில் ஒன்று, விளம்பரத்தில் ஒன்று. எதிரெதிர்த் தாளில் முதலில் எழுதவேண்டியது அடையாள அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டல்.

ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு போன்றவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்யும்போது, மூலத்தில் பிழை இருந்தாலும் அதைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. வாழ்க்கைக் குறிப்பு அப்படிப்பட்ட பத்திரம் அல்ல. இங்கே மாற்றாமல் விட்டால்தான் பிழை. ஆனால் என்ன மாற்றினோம் என்பதைச் சொந்தக்காரருக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பக் கூடாது. முதல் தடவை நான் செய்யத் தவறியது அதுதான். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாதென்று நானே முடிவு செய்துவிட்டேன். கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவருக்கு!

மலர் மறுபடி அச்சாகியது, எங்கள் தமிழிலேயே. அடுத்த கிழமை திருத்திய பிரதியோடு இணுவிலுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழையும் ஆங்கிலத்தையும் மாறி மாறி வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். ஆங்கிலத்தில் இவரது குருநாதரின் பெயர் நான்காவது வரியில் இருந்தது.

"தமிழில ரெண்டாவது வரியில நிக்கிறார். இஞ்சை ஏன் தம்பி நாலாவதுக்குப் போனவர்?"

ஆங்கிலத்தில் அப்படித்தான் ஒழுங்கு வரும், முதலில் சாதனை, பிறகு பயிற்சி என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, நாலாவது வரியிலிருந்து மேலே ஓர் அம்புக்குறி போட்டுத் தாளை என்னிடம் தந்தார்.